கண்டுபிடிக்க மூணு வருஷம், செக் பண்ண ஒரு கரும்பலகை: ‘என்.பி.’ என்றால் என்ன?

1903 அக்டோபர். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குப் போகிறார். எதுவும் பேசாமல் 2^67 − 1 என்பதைக் கணக்கிட்டு எழுதுகிறார்:

147573952589676412927

பலகையின் இன்னொரு பக்கம் போய், இரண்டு எண்களை எழுதிப் பெருக்க ஆரம்பிக்கிறார்:

193707721 × 761838257287

விடை மேலே இருந்த அதே எண். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார், அரங்கில் கைதட்டல். கணித வரலாற்றை எழுதிய எரிக் டெம்பிள் பெல் சொல்லும் கதை இது. ‘இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆச்சு?’ என்று பிறகு கேட்டபோது, ‘மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்’ என்று கோல் சொன்னதாகவும் பெல் எழுதியிருக்கிறார். பெல் கொஞ்சம் மசாலா தூவி எழுதுபவர் என்ற பேச்சு உண்டு. ஆனால் அந்தப் பெருக்கல் சரிதான். அதை நீங்களே செக் பண்ணலாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் அடிக்கடி காதில் விழும் ‘என்.பி.’ என்ற வார்த்தையின் மொத்த விஷயமும் அந்தக் கரும்பலகையில் இருக்கிறது.

தேடுவது வேற, சரிபார்ப்பது வேற

1, தன்னைத் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண். அப்படி வகுபட்டால் அது பகு எண். 1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 2^67 − 1 ஒரு பகா எண் என்று சொல்லியிருந்தார். அது தப்பு என்று காட்ட கோலுக்குத் தேவைப்பட்டது இரண்டே எண்கள்.

அந்த இரண்டு எண்களைத் தேடுவது எவ்வளவு கஷ்டம்? 2, 3, 5 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால், சின்னக் காரணியைத் தொடவே 19 கோடியைத் தாண்ட வேண்டும். கோல் அதைவிட புத்திசாலித்தனமான வழியில்தான் தேடினார். அப்படியும் வருடக்கணக்கில் ஆகியிருக்கிறது.

சரிபார்க்க? 9 இலக்க எண்ணை 12 இலக்க எண்ணால் பெருக்க வேண்டும். பள்ளிக்கூட முறையில் 108 சின்னப் பெருக்கல்கள், அப்புறம் கூட்டல். பொறுமை இருந்தால் பேப்பரிலேயே முடித்துவிடலாம். கூடவே இன்னொன்றையும் பார்க்கணும்: கொடுத்த காரணிகளில் ஒன்று 1 ஆக இருக்கக் கூடாது. இல்லையென்றால் எந்த எண்ணுக்கும் ‘1 × அதே எண்’ என்று எழுதிக் கொடுத்து ஏமாற்றிவிடலாம்.

கோல் எழுதிய அந்த ஜோடியைத்தான் ‘சான்று’ என்கிறோம். ஒரு கேள்விக்கு விடை ‘ஆமாம்’ என்றால், அதை நிரூபிக்கும் சுருக்கமான சான்று ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதை வேகமாகச் சரிபார்க்க முடிய வேண்டும். விடை ‘இல்லை’ என்றால் எந்தப் போலிச் சான்றும் தேறக் கூடாது. இப்படிப்பட்ட கேள்விகளின் தொகுப்புதான் என்.பி.

‘வேகமாக’ என்பதற்கு இங்கே தனி அர்த்தம் இருக்கிறது. எண்ணின் மதிப்பை வைத்து அல்ல, அதை எழுத எத்தனை இலக்கம் தேவை என்பதை வைத்துத்தான் அளக்கிறோம். இலக்கங்கள் இரண்டு மடங்கானால் பெருக்கல் வேலை சுமார் நான்கு மடங்காகும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் முறையில், இரண்டே இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்காகிவிடும்.

எல்லா ஊருக்கும் ஒரே ஒரு தடவை

அடுத்த உதாரணத்தில் எண்ணே கிடையாது. சில ஊர்கள், நடுவே சில சாலைகள். எந்த ஊரில் வேண்டுமானாலும் கிளம்பலாம். எல்லா ஊருக்கும் சரியாக ஒரே முறை போய் முடிக்க முடியுமா? 1857-ல் அயர்லாந்துக் கணிதர் ஹாமில்டன் இந்த மாதிரி ஒரு புதிரை விளையாட்டாகவே உருவாக்கினார். அதில் 20 ஊர்கள். அதனால்தான் இதற்கு ‘ஹாமில்டன் பாதை’ என்று பெயர்.

நாம் ஆறு ஊர்களை எடுப்போம்: க, ச, ட, த, ப, ம. இருக்கும் சாலைகள் இவ்வளவுதான்: க–ச, க–ட, ச–த, ட–த, த–ப, ப–ம.

ஒருவர் ‘க–ச–த–ட–ப–ம’ என்று எழுதிக் கொடுக்கிறார். ஆறு ஊரும் ஒரு தடவை வந்திருக்கிறதா? ஆமாம். அடுத்தடுத்த ஊர்களுக்கு நடுவே சாலை இருக்கிறதா? க–ச இருக்கு, ச–த இருக்கு, த–ட இருக்கு, ட–ப... இல்லை. சான்று தள்ளுபடி.

அதனால் பாதையே கிடையாது என்று சொல்லிவிடலாமா? முடியாது. இந்தச் சான்று தப்பு, அவ்வளவுதான் தெரியும். ‘ம–ப–த–ச–க–ட’ என்று போய்ப் பாருங்கள்: ஐந்து சாலையும் இருக்கிறது. பாதை உண்டு! பலர் தடுமாறுகிற இடம் இது. ஒரு சான்று தோற்றுப்போனால், கேள்விக்கு விடை ‘இல்லை’ என்று ஆகிவிடாது.

20 ஊர்கள் என்றால் வரிசைகள் சுமார் 24 லட்சம் கோடி... இல்லை, அதற்கும் மேலே ஒரு லட்சம் மடங்கு: 2432902008176640000. விநாடிக்கு 100 கோடி வரிசைகளைப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கே சுமார் 77 வருஷம். நல்ல உத்திகள் உண்டு. அவற்றில் ஒன்றை வைத்து 20 ஊர்களைச் சில விநாடிகளில் முடித்துவிடலாம். ஆனால் அதிலும் ஒரு ஊர் கூடினால் வேலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. 100 ஊர்களுக்கு அந்த உத்தி கைகொடுக்காது. சான்றைச் சரிபார்க்கவோ 99 சாலைகளைப் பார்த்தால் போதும்.

இரண்டும் ஒரே மாதிரி கஷ்டமா?

இல்லை. என்.பி. என்றாலே ‘முடியாத கணக்கு’ என்று நினைப்பது ரொம்பப் பரவலான தப்பு. சான்றை வேகமாகச் சரிபார்க்கலாம் என்று மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது. வேகமாகவே தீர்க்கக்கூடிய கேள்விகளும் (இவை ‘பி’ என்ற தொகுப்பு) இதற்குள்தான் வருகின்றன.

‘இது பகு எண்ணா?’ என்ற கேள்வியே அப்படி ஒன்று. 2002-ல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் இதற்கு நிச்சயமான, வேகமான முறையைக் கண்டுபிடித்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அந்த முறை ‘பகு எண்’ என்று சொல்லும், பெரும்பாலும் காரணிகளைச் சொல்லாது. கோலுக்கு முன்பே, 1876-ல் லூகாஸ் என்பவர் 2^67 − 1 பகு எண்தான் என்று நிரூபித்திருந்தார், ஒரு காரணிகூடத் தெரியாமல். காரணிகளையே கண்டுபிடிக்கும் வேகமான முறை நமக்குத் தெரிந்த சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஹாமில்டன் பாதையின் கதை வேறு. இதற்கு ஒரு வேகமான முறை கிடைத்தால், என்.பி.யில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் கிடைத்துவிடும். அப்படி ஒரு முறை இருக்கிறதா என்பதுதான் ‘பி = என்.பி.?’ கேள்வி. விடைக்கு கிளே கணித நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்திருக்கிறது.

‘இல்லை’ என்பதற்குச் சான்று எங்கே?

நம் ஆறு ஊர்களில் க–ச சாலையை மட்டும் மூடிவிடுங்கள். இப்போது பாதை கிடையாது. காரணம்: க, ச, ம மூன்றுக்கும் ஒரே ஒரு சாலைதான். ஒரே சாலை உள்ள ஊரில் நுழைந்தால் வெளியேற முடியாது. எனவே அது பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். முனைகள் இரண்டு, அப்படிப்பட்ட ஊர்கள் மூன்று. முடிந்தது.

இங்கே நமக்கு அதிர்ஷ்டம். எல்லா வரைபடத்திலும் இப்படிச் சுலபமான காரணம் சிக்காது. ‘பாதை இல்லை’ என்பதற்கு எப்போதும் சுருக்கமான சான்று கொடுக்கும் முறை எதுவும் இதுவரை தெரியவில்லை. எண்களின் பக்கம் அந்தக் குறை கிடையாது: ‘இது பகு எண் இல்லை, பகா எண்தான்’ என்பதற்கும் சுருக்கமான சான்று உண்டு என்று 1975-லேயே வாகன் பிராட் காட்டிவிட்டார்.