பால்கனி முனையில் ஒரு தூண்: எவ்வளவு சுமக்கும்?

சுவரோடு இறுகப் பிணைத்து வெளியே 4 மீட்டர் நீண்டு நிற்கிறது ஒரு பீம். மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் வீதம் மொத்தம் 48 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஐந்து டன் சுமை. முனையில் ஒரு தூண் கொடுத்தால் அதன் தலையில் எவ்வளவு இறங்கும்? பாதி என்று சொல்லத் தோன்றும். அது தவறு.

தூணின் எதிர்விசை, சுவரின் எதிர்விசை, சுவர்முனையின் வளைவுத் திருப்பம் என மூன்று விடை தெரிய வேண்டும். சமநிலை தருவதோ இரண்டே சமன்பாடுகள். மூன்றாவதைப் பீமின் அசைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். மேக்ஸ்வெல் 1864-லும், அதை அறியாமல் ஜெர்மனியின் மோர் 1874-லும் கண்ட வழி இது.

முதலில் தூணை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பீமின் விறைப்பு, EI, 16,000 என்றால் முனை wL⁴/8EI, அதாவது 24 மி.மீ. தாழும். அடுத்து, சுமையை மறந்துவிட்டு முனையை 1 கிலோநியூட்டன் விசையால் மேலே தள்ளுங்கள். L³/3EI, அதாவது 1.333 மி.மீ. எழும். உண்மையில் அங்கே தூண் நிற்பதால் முனை தாழவே முடியாது. ஆகவே தூணின் விசை R என்றால்:

24 − 1.333R = 0

R = 18. சுமையில் எட்டில் மூன்று பங்கு தூணுக்கு, மீதி 30 சுவருக்கு. தூண் இல்லாதபோது 96 கிலோநியூட்டன்-மீட்டராக இருந்த சுவர்முனைத் திருப்பம் 24 ஆகக் குறைகிறது.

இந்தச் சமன்பாட்டின் வலது பக்கத்துப் பூஜ்யத்தில்தான் விஷயமே இருக்கிறது. தூண் அசையாது என்று நாம் நம்புவதைத்தான் அது சொல்கிறது. அஸ்திவாரம் 4 மி.மீ. இறங்கினால் பூஜ்யத்துக்குப் பதில் 4 போட வேண்டும். R 15 ஆகிவிடும். சுவர்முனைத் திருப்பம் 36-க்கு ஏறும். நான்கு மில்லிமீட்டருக்கு ஒன்றரை மடங்கு! விரிசல் தூணருகே வராது, சுவரை ஒட்டிப் பீமின் மேல்பக்கத்தில் வரும்.

ஏற்கெனவே தொங்கிவிட்ட பால்கனிக்குப் பிறகு தூண் வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 24 மி.மீ. தாழ்ந்த பிறகு அடியில் ஒட்டி நிறுத்திய தூண், பழைய சுமையில் எதையும் உடனே வாங்காது. வலது பக்கமும் 24 ஆகிவிடுவதால் R பூஜ்யம். இனி ஏறும் சுமையில்தான் அதற்குப் பங்கு.

ஜாக்கி வைத்து முனையைப் பழைய மட்டத்துக்கே தூக்கினால் 18 முழுதாக வரும். ஆனால் தூணிலிருந்து 1.5 மீட்டரில் பீமின் அடிப்பக்கம் 13.5 கிலோநியூட்டன்-மீட்டர் அளவுக்கு இழுபடும். தொங்கு பீமுக்கு முக்கியக் கம்பியை மேல்பக்கம்தான் போட்டிருப்பார்கள். அதனால் ஜாக்கியைக் கொண்டுவருபவரிடம், அடியில் என்ன கம்பி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.