ஊருக்கு டிரான்ஸ்பர் வேணுமா? சீனியாரிட்டி போயிடும்!
தபால் துறை 38-வது விதி சொல்வது என்ன?

நாகர்கோவில்:
கடியப்பட்டணத்தில் வீடு, சென்னையில் வேலை. தபால் துறையில் சேர்ந்த குமரி மாவட்டத்துக்காரங்க பலருக்கும் இதே கதைதான். ஊருக்கு வர ஆசைப்படுறவங்க அதிகம், இங்கிருந்து வெளியே போக நினைக்கிறவங்க குறைவு. அதனால் காலியிடத்துக்கு எப்பவும் போட்டி.

சொந்த விருப்பத்தில் வேறு கோட்டத்துக்கு மாறுவதற்கு தபால் கையேட்டின் 38-வது விதிதான் வழி. இதில் மாறுறவருக்கு அடிப்படைச் சம்பளம் குறையாது. ஆனால் புதிய கோட்டத்து சீனியாரிட்டி பட்டியலில் கடைசி இடம்தான். உத்தரவு போடும் நாளில் அங்கே வேலைக்குத் தேர்வாகி, இன்னும் வந்து சேராதவர் கூட இவருக்கு மேலே போயிடுவார்! பயணப்படியும் கிடையாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2016-ல் சென்னையில் தபால் உதவியாளராகச் சேர்ந்த பெண் கன்னியாகுமரி கோட்டம் கேட்கிறார். காலியிடத்தில் வந்தால், இங்கே 2024-ல் சேர்ந்தவருக்கும் அவர் ஜூனியர்.

இன்னொரு வழி, பரஸ்பர மாறுதல். குமரியில் 2019-ல் சேர்ந்த ஒரு தபால் உதவியாளர் சென்னைக்குப் போக சம்மதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது காலியிடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர் விட்டுப்போகும் 2019 இடம் இந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும். மூணு வருஷம்தான் நஷ்டம். சென்னைக்குப் போறவருக்கு 2016 இடம் கிடைக்காது. இரண்டில் எது கீழோ அதுதான் என்பது விதி. அதனால் அவர் 2019-லேயே நிற்பார். முக்கியமா, ரெண்டு பேரும் ஒரே பதவியில் இருக்கணும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த உத்தரவு கோட்டத்துக்குத்தான், ஆபீசுக்கு இல்லை. 'மணவாளக்குறிச்சி கிடைக்கும், நடந்தே போயிடலாம்' என்று நினைத்து வருவார்கள். கோட்டக் கண்காணிப்பாளர் தோவாளை பக்கம் போட்டாலும் போய்த்தான் ஆகணும். பக்கத்து ஆபீசுக்கு அப்புறம் தனியா விண்ணப்பிக்கணும். அங்கேயும் இவருக்கு முன்னாடி ஆள் இருப்பாங்க.

விண்ணப்பம் தன் கோட்ட அதிகாரி வழியாகத்தான் போகணும். 'எம்.எல்.ஏ.வைப் பார்த்தா முடிஞ்சிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. அரசியல் செல்வாக்கைக் கொண்டு மேலதிகாரியை நெருக்குவது மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964) 20-வது விதிப்படி தப்பு. சிபாரிசுக் கடிதம் விளக்கம் கேட்பில் போய் முடியலாம்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்க. சீனியாரிட்டி போனால் நல்ல சீட்டு, பொறுப்பான பதவி கிடைப்பது தள்ளிப்போகும். வேலைக்குச் சேர்ந்து 3, 4 வருஷம் ஆனவருக்கு இழப்பு கொஞ்சம். 15 வருஷம் ஆனவருக்கு அதிகம். அவர் காலியிடத்துக்குக் காத்திருப்பதை விட, மாறிக்கொள்ள ஆள் தேடுவதே மேல்!