குரோமியத்தில் விழும் மதிப்பெண்

வேதியியல் விடைத்தாளில் எலக்ட்ரான் அமைப்பைத் திருத்தும்போது, முதலில் மேலே உள்ள சிற்றெண்களைக் கூட்டிப் பார்ப்பேன். குரோமியத்தின் அணு எண் 24. 1s² 2s² 2p⁶ 3s² 3p⁶ வரை 18 ஆகிவிடும், மீதி ஆறு. 3d-க்கு முன்பே 4s நிரம்பும் என்ற வரிசைப்படி மாணவர் 4s² 3d⁴ என்று எழுதுவார். கூட்டுத்தொகை சரிதான், விடை தவறு. உண்மையில் இருப்பது 3d⁵ 4s¹.

ஐந்து d ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கொன்றாக, ஒரே சுழற்சித் திசையில் எலக்ட்ரான்கள் அமர்ந்தால் ஆற்றல் குறைகிறது. 4s-இல் இரண்டு நெருங்கி இருப்பதன் விலக்கமும் மிச்சம். தாமிரமும் இப்படித்தான்: 3d¹⁰ 4s¹.

இதைச் சரியாக எழுதியவர்கூட Cr³⁺ அயனியில் சறுக்குவதுண்டு. கடைசியாக நிரம்பியது 3d என்று அங்கிருந்தே மூன்றையும் எடுத்து, 3d² 4s¹ என்பார். முதலில் வெளியேறுவது வெளிக்கூட்டின் 4s. பிறகே 3d-இலிருந்து இரண்டு. விடை 3d³. அயனியில் 4s மிஞ்சியிருந்தால் சிவப்பு மை தயார்.

'பாதி நிரம்பினால் நிலையானது' என்பதையும் கண்மூடி நம்ப முடியாது. குரோமியத்தின் தொகுதியிலேயே கீழே இருக்கும் டங்ஸ்டன், 5d⁴ 6s² என்றே நிற்கிறது.