டெபாசிட் வளர்ந்தது... மாடு எட்டவில்லை!

‘இரண்டு கறவை மாடுகள் வாங்கலாம் என்று 2020 ஜூனில் 1 லட்சம் ரூபாயை 5.4% வட்டிக்கு, ஐந்து வருஷ டெபாசிட்டில் போட்டேன். போன வருஷம் 1,30,760 ரூபாய் கைக்கு வந்தது. அன்றைக்கு 50,000 ரூபாய் சொன்ன மாட்டுக்கு, சந்தையில் 70,000 ரூபாய் கேட்கிறார்கள். வட்டியும் வாங்கி ஏமாந்துவிட்டேனா?’ என்று கேட்டிருக்கிறார் திண்டிவனம் பக்கத்து வாசகர் ஒருவர்.

வங்கி ஏமாற்றவில்லை. சொன்ன வட்டி சரியாகவே வந்திருக்கிறது. ஆனால், அந்த ஐந்து வருஷமும் விலைவாசி சும்மா இருக்கவில்லை.

மத்திய அரசு மாதாமாதம் நுகர்வோர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. 2020 ஜூனில் அது 151.8, 2025 ஜூனில் 194.2. பின்னதை முன்னதால் வகுத்தால் 1.279. அதாவது, அன்று 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீட்டுச் சாமான்களுக்கு, ஐந்து வருஷம் கழித்து 1,27,900 ரூபாய் வேண்டும். வாசகர் கைக்கு வந்த 1,30,760 ரூபாயை 1.279-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 1,02,200 ரூபாய் வரும். 30,760 ரூபாய் வட்டியில், அன்றைய மதிப்பில் உண்மையாகக் கூடியது 2,200 ரூபாய்தான்; வருஷத்துக்கு அரை சதவிகிதம்கூட இல்லை. அதுவும் கடைசி வருஷம் விலைவாசி 2 சதவிகிதமே ஏறியதால் கிடைத்தது. நாலாவது வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்திருந்தால் நஷ்டம்தான்.

அப்படியானால் மாடு ஏன் எட்டவில்லை? குறியீடு என்பது நாடு முழுக்க வீடுகள் வாங்கும் பொருள்களின் சராசரி. அதில் சாப்பாட்டுச் செலவுக்குத்தான் பெரிய பங்கு. கறவை மாட்டு விலை, அறுவடை இயந்திர வாடகை, களை எடுக்கும் கூலி எல்லாம் அதில் வராது. வீட்டு நெல்லையே சாப்பிடுகிறவருக்கு அரிசி விலை ஏறினால் நோகாது. கூலி ஏறினால் நோகும். அதனால், எதற்காகச் சேமிக்கிறோமோ, அந்தப் பொருளின் விலையை வருஷா வருஷம் டைரியில் குறித்து வையுங்கள். மாட்டின் விலை ஐந்து வருஷத்தில் 40% ஏறியது. டெபாசிட் 31%கூட ஏறவில்லை. வாசகருக்குப் பொருந்தும் கணக்கு இதுதான்.

புதிதாக டெபாசிட் போடும்போது வட்டி தெரியும். வரப்போகும் விலைவாசி தெரியாது. விலைவாசி ஏற்றத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் இலக்கு 4%. மேலேயும் கீழேயும் 2% போகலாம். எனவே, ஏதோ ஒரு மாதம் விலைவாசி 2 சதவிகிதத்துக்கு இறங்கியதைப் பார்த்து மயங்காமல், 4 சதவிகிதத்தைக் கழித்துப் பார்ப்பதே நிதானம். வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அது விவசாய வருமானத்தில் சேராது.

விதைப்புக்கும் வைத்தியத்துக்கும் வைத்திருக்கும் பணம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும். ஆனால், 9% வட்டிக்கு நகையை அடகு வைத்துவிட்டு, இன்னொரு பக்கம் 6.5% டெபாசிட் வைத்திருந்தால், முதலில் நகையைத் திருப்புங்கள்.