ஹார்ட் பேஷன்ட் வீட்டில் சுண்டல்... டின் கொண்டைக்கடலையா, ஊறவைத்ததா?

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தாச்சு. 'உப்பைக் குறைங்க'னு டாக்டர் சொல்லிட்டார். சூப்பர் மார்க்கெட்டில் டின்னில் அடைத்த வெந்த வெள்ளைக் கொண்டைக்கடலையைப் பார்த்ததும், 'ஊறவைக்கிற வேலை மிச்சம்'னு உங்களுக்குத் தோணலாம். கூடையில் போடும் முன் டின்னைத் திருப்பி, சோடியம் அளவைப் பாருங்கள்.

400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம் கடலை தேறும். 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் சோடியம் என்று லேபிளில் இருந்தால், மொத்தம் 720 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டின் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடலையை நன்றாக அலசினால், சுமார் 40 சதவிகிதம் வரை சோடியம் குறையும்.

அதே அளவு வெந்த கடலைக்கு, காய்ந்தது 100 கிராம் போதும். கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவு 15 ரூபாயும் கொஞ்சம் கேஸும்தான். அதில் இயல்பாக இருக்கும் சோடியமோ 25 மில்லிகிராம் அளவுதான்.

ஆனால், சேலம், நாமக்கல் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. போர் தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். அவை கடலையின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், எத்தனை விசில் விட்டாலும் வேகாது. உடனே 'ஒரு சிட்டிகை சோடா உப்பு போடு' என்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். சோடா உப்பும் சோடியம்தான்; கால் டீஸ்பூனிலேயே 300 மில்லிகிராம் இருக்கிறது.

சோடாவுக்குப் பதில் தண்ணீரை மாற்றுங்கள். ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரித் தண்ணி அல்லது கேன் தண்ணி எடுங்கள். ராத்திரி 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். தக்காளியோ புளியோ வெந்த பிறகே சேருங்கள், புளிப்பும் வேகவிடாது. விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அப்படியும் கல்லு மாதிரி இருந்தால், கடலை ரொம்பப் பழசு.

கடைசி விஷயம், உப்பு. வீட்டுச் சுண்டல்தானே என்று அரை டீஸ்பூன் போட்டால், 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அது டின்னைவிட மோசம்! இரண்டு பேருக்கான சுண்டலுக்கு இறக்கும்போது கால் டீஸ்பூனுக்கும் குறைவாகத் தூவி, ருசிக்கு எலுமிச்சை பிழியுங்கள். 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருப்பதால், கிட்னி பிரச்னை இருப்பவர்களும் பி.பி மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

தினமும் ஊறவைக்க நேரம் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை அரை கிலோவை உப்பில்லாமல் வேகவைத்து, ஆறியதும் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். டின்னில் இருக்கும் அதே வசதி, ஆனால் உப்பு எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.