ஜெயிலர் ஓடிய காலாண்டு

2023 ஆகஸ்ட் 10 அன்று ‘ஜெயிலர்’ வெளியானது. வடபழனி ஆற்காடு சாலையில் விஜயா மாலின் மேல்தளத்தில் இருக்கும் பலாஸோ அரங்குகளும் அந்த வாரங்களில் திருவிழாக் கோலத்தில் இருந்தன. சத்யம் தியேட்டரை நடத்திவந்த எஸ்.பி.ஐ. சினிமாஸ் கட்டிய அரங்குகள் அவை. 2018இல் அந்த நிறுவனத்தை பி.வி.ஆர். வாங்கியது. 2023 பிப்ரவரியில் பி.வி.ஆரும் ஐநாக்ஸும் இணைந்து ஒரே கம்பெனி ஆயின. ஆக, பலாஸோவில் நாம் கிழித்த ஒவ்வொரு டிக்கெட்டும் கடைசியில் பி.வி.ஆர். ஐநாக்ஸின் காலாண்டு முடிவில் போய்ச் சேர்கிறது. பங்குச் சந்தைக் கம்பெனி வெளியிடும் பத்திரிகைக் குறிப்பை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள, ஜெயிலர் ஓடிய அந்தக் காலாண்டை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் முடிவு வந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாத வருவாய் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு அதே மூன்று மாதங்களில் சுமார் 687 கோடி. கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதாவது 191 சதவீத வளர்ச்சி. லாபம் சுமார் 166 கோடி; முந்தைய ஆண்டில் 71 கோடி நஷ்டம்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த 687 கோடி யாருடையது? 2022இல் இணைப்பு நடக்கவில்லை. எனவே அது பி.வி.ஆர். மட்டும் சம்பாதித்த தொகை. ஐநாக்ஸ் அப்போது தனிக் கம்பெனி. அதே காலாண்டில் அது காட்டிய வருவாய் சுமார் 374 கோடி. இரண்டையும் கூட்டினால் 1,061 கோடி. அதோடு ஒப்பிட்டால் 2,000 கோடி என்பது சுமார் 88 சதவீத வளர்ச்சி. இதுவும் பெரிய வளர்ச்சிதான். ஆனால் 191க்கும் 88க்கும் இடையில் இருப்பது புதிதாக வந்த ரசிகர் கூட்டம் அல்ல, ஏற்கெனவே இன்னொரு கம்பெனியின் கணக்கில் இருந்த கூட்டம்.

கம்பெனி இதை மறைப்பதில்லை. பங்குச் சந்தைக்கு அனுப்பும் முடிவு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும். இணைப்பு நடந்திருந்தால், பழைய எண்களோடு புதிய எண்களை நேராக ஒப்பிட முடியாது என்று அதில் ஒரு வரி வரும். நான் முதலில் படிப்பது அந்தக் குறிப்புகளைத்தான். பத்திரிகைக் குறிப்பை எழுதுவது கம்பெனியின் மக்கள் தொடர்புப் பிரிவு. அட்டவணையையும் அதன் குறிப்புகளையும் தணிக்கையாளர் ஒருமுறை பார்த்திருப்பார். இரண்டும் ஒரே நாளில்தான் வரும், பங்குச் சந்தை இணையதளத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும்.

எந்தக் காலத்தோடு ஒப்பிடுவது என்பதும் இதே கேள்வியின் இன்னொரு பக்கம். தியேட்டருக்குக் கோடை விடுமுறை ஒரு மாதிரி, தேர்வு மாதங்கள் ஒரு மாதிரி. அதனால் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுவதே நியாயம். முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டுக் காட்டினால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

அடுத்து லாப விகிதம். பத்திரிகைக் குறிப்புகளில் அடிக்கடி வரும் சொல் எபிட்டா. வட்டி, வரி, தேய்மானம் இவற்றைக் கழிக்கும் முன் மிஞ்சும் தொகை அது. அதை வருவாயால் வகுத்தால் எபிட்டா விகிதம். ஜெயிலர் காலாண்டில் எபிட்டா சுமார் 707 கோடி, விகிதம் 35 சதவீதம். நூறு ரூபாய் வந்தால் 35 ரூபாய் நிற்கிறது என்று தோன்றும். டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி விநியோகஸ்தருக்குப் போகிற தொழிலில் இது எப்படிச் சாத்தியம்?

விடை வாடகையில் இருக்கிறது. பலாஸோ ஒரு மாலுக்குள் இருக்கிறது; அந்த இடத்துக்கு வாடகை உண்டு. 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 116 என்ற விதியின்படி, நீண்டகால வாடகை ஒப்பந்தத்தைக் கடன் வாங்கி இடத்தை வாங்கியதுபோல எழுத வேண்டும். இனி தரப்போகும் நிலையான வாடகையின் இன்றைய மதிப்பு ஒரு கடனாகக் கணக்கில் ஏறும். மாதாமாதம் தரும் வாடகை என்ற செலவு மறைந்து, அதன் இடத்தில் தேய்மானமும் வட்டியும் வரும். எபிட்டாவோ இந்த இரண்டையும் கழிக்காத எண். ஆகவே வாடகை அந்த எண்ணைத் தொடாமலே போய்விடுகிறது.

இந்த விதி இல்லாமல், வாடகையைச் செலவாகவே கழித்தால் என்ன வரும் என்பதையும் பி.வி.ஆர். ஐநாக்ஸ் தனியே தருகிறது. அதன்படி எபிட்டா சுமார் 445 கோடி, விகிதம் 22 சதவீதம். இரண்டுக்கும் இடையிலான 260 கோடி ரூபாய் பெரும்பாலும் மால் உரிமையாளர்களுக்குப் போன வாடகை. எந்த எண் சரி என்று கேட்டால் இரண்டும் சட்டப்படி சரிதான். தியேட்டர் தொழிலில் பணம் நிற்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர் 22ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும்.

இனி ஒருமுறைச் செலவுகள். அட்டவணையில் வரிக்கு முந்தைய லாபத்துக்குச் சற்று மேலே ‘எக்ஸெப்ஷனல் ஐட்டம்ஸ்’ என்று ஒரு வரிசை இருக்கும். வழக்கமான தொழிலில் சேராத வரவு செலவுகள் அங்கே தனியே காட்டப்படும். இதற்குத் தெளிவான உதாரணம் சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டி.சி.எஸ்ஸின் 2023 அக்டோபர்–டிசம்பர் காலாண்டு. எபிக் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 2014இல் தொடுத்த வழக்கில், டி.சி.எஸ்ஸின் மேல்முறையீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இழப்பீட்டுக்காக 958 கோடி ரூபாயை டி.சி.எஸ். அந்தக் காலாண்டில் எழுதியது. நிகர லாபம் 11,058 கோடி, முந்தைய ஆண்டைவிட 2 சதவீதம் அதிகம். அந்தச் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 11,735 கோடி, 8 சதவீதம் அதிகம். லாபத்தில் 958 கோடி முழுவதும் குறையாமல் இருப்பதற்குக் காரணம், செலவு கூடும்போது வரி குறைவதுதான். வழக்கு பத்தாண்டு பழையது, அடுத்த காலாண்டில் திரும்ப வராது. இதை ஒதுக்கிப் பார்ப்பது நியாயமே.

ஆனால் அதே ‘ஒருமுறை’ வரிசையில் ஆட்குறைப்புச் செலவோ, மூடிய கிளைகளின் மதிப்பிழப்போ இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தால், அது அந்தத் தொழிலின் வாடிக்கையான செலவு. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு: எட்டுக் காலாண்டு முடிவுகளை வரிசையாக எடுத்து, அந்த ஒரு வரிசையை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது. அரை மணி நேர வேலை.

எந்த வரிசையிலும் ஒருமுறை என்று எழுதப்படாத ஒருமுறை வரவும் உண்டு. ஜெயிலர் காலாண்டில் ‘ஜவான்’ வந்தது, ‘கதர் 2’ வந்தது. 4 கோடியே 85 லட்சம் பேர் அந்தக் கம்பெனியின் தியேட்டர்களுக்குப் போனார்கள். சராசரி டிக்கெட் 276 ரூபாய், பாப்கார்ன் முதலியவற்றுக்குத் தலைக்கு 136 ரூபாய். வாடகையும் மின்சாரமும் சம்பளமும் பெரிதாக ஏறாததால், கூடுதலாக வந்தவர்களின் பணத்தில் பெரும் பங்கு லாபமாகவே தங்கியது. அடுத்த காலாண்டில் வருவாய் சுமார் 1,546 கோடிக்கு இறங்கியது, லாபம் 13 கோடிதான். அதற்கும் அடுத்த ஜனவரி–மார்ச்சில் வருவாய் 1,256 கோடி, நஷ்டம் 130 கோடி. விஜயா மாலின் வாடகை அந்த மூன்று மாதங்களுக்கும் உண்டு.