36 குச்சிகள், ஒரு டப்பா

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக் கதவை ஒட்டிய சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. கணக்கு ஆசிரியை கைப்பட எழுதியது. ‘கேள்விக்குப் பெயர் எடுப்பது எப்படி?’ என்பது தலைப்பு. அதன் நகல் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போயிருக்கிறது. தன் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

ஒரே மாதத்தில் வந்த இரண்டு புகார்கள்தான் அந்தத் தாளை எழுத வைத்தன. முதலில் வந்தவர் காலனியைச் சேர்ந்த ஒரு விவசாயக் கூலி. “எம் பொண்ணை மட்டும் ஏன் டீச்சர் தினம் எழுப்பி நிக்க வெக்கிறீங்க? காலனிப் புள்ளைன்னுதானே?” என்று கேட்டார். அடுத்த வாரம் ஊர்த்தெருவிலிருந்து ஒரு தாய் வந்தார். “எம் பையன் கை தூக்கினாலும் கேக்க மாட்டேங்கிறீங்களாம். காலனிப் பசங்களைத்தான் கேக்கிறீங்களாம்” என்றார்.

இருவருக்கும் ஆசிரியை சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: என் மனதில் அப்படி ஒன்றும் இல்லை. மனதைத் திறந்து காட்ட முடியாதே. ஆகவே, யாரைக் கேட்பது என்ற முடிவையே தன் கையிலிருந்து எடுத்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார்.

கேள்வி கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், இதற்கு ஏன் இவ்வளவு என்று சிலர் நினைக்கலாம். அம்பேத்கர் மும்பை எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ஒருநாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடச் சொன்னார். வகுப்பே கூச்சல் போட்டது. கரும்பலகைக்குப் பின்னால் சாதி இந்து மாணவர்களின் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவர் பலகையைத் தொட்டுவிடுவதற்குள் ஓடிப்போய் அவற்றை அப்புறப்படுத்தினார்கள். பெயர் சொல்லி எழுப்பப்படுவது என்பது நம் பிள்ளைகளுக்கு வெறும் கணக்குப் பாடமாக மட்டும் இருந்ததில்லை. கூப்பிட்டாலும் வலி, கூப்பிடாமல் விட்டாலும் வலி. அந்த அப்பாவின் கேள்விக்குள் இருப்பது இந்தப் பழைய கணக்குதான்.

இனி தாளில் உள்ளது. வகுப்பில் 36 பேர். 36 ஐஸ் குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பெயரை அந்தந்தப் பிள்ளையே எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டு எண் கூடாது, பட்டப்பெயரும் கூடாது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் தலைப்பெழுத்து சேர்த்துக்கொள்ளலாம். முதலில் காகிதச் சீட்டுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் மடிப்பு நைந்து, சில சீட்டுகளின் ஓரம் கிழிந்துவிட்டது. எடுக்கிறவர் விரலுக்கு எது யாருடைய சீட்டு என்று தெரியத் தொடங்கியதும் குச்சிக்கு மாறினார்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே தடிமன். உடைந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

எடுத்த குச்சியை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மறுபடி அதே டப்பாவில் போட்டுக் குலுக்கினால் ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் சம வாய்ப்பு, அதுதானே நியாயம் என்று தோன்றும். ஆசிரியை இதைப் பிள்ளைகளுக்கே நிகழ்தகவுக் கணக்காகக் கொடுத்திருக்கிறார். ஒரு தடவையில் என் பெயர் வராமல் போவதற்கான வாய்ப்பு 36-இல் 35. இதை 36 தடவை பெருக்கிக்கொண்டே போனால் ஏறக்குறைய 0.36 வரும். அதாவது 36 கேள்விகள் கேட்டு முடித்த பிறகும், சராசரியாக 13 பிள்ளைகளின் பெயர் ஒரு தடவைகூட வந்திருக்காது; இன்னும் சிலருக்கு இரண்டு மூன்று தடவை வந்திருக்கும். இதில் யாருடைய சதியும் இல்லை, குலுக்கலின் இயல்பே இப்படித்தான். ஆனால் மூன்று தடவை எழுந்து நின்ற பிள்ளையும், ஒரு தடவையும் எழாத பிள்ளையும் வீட்டில் போய்ச் சொல்லப்போவது அந்த இரண்டு பெற்றோரும் கேட்ட அதே கேள்வியைத்தான்.

அதனால் டப்பா இரண்டு. எடுத்த குச்சி ‘முடிந்தது’ என்று எழுதிய டப்பாவுக்குப் போகும். முதல் டப்பா காலியாகும்வரை திரும்ப வராது. நாளுக்கு ஆறு கேள்வி என்றால் ஆறேழு நாளில் எல்லோரும் ஒரு தடவை பதில் சொல்லியிருப்பார்கள். இதிலும் ஒரு தொல்லை உண்டு. திங்கட்கிழமை பெயர் வந்த பிள்ளை, இனி நமக்கு விடுமுறை என்று சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதற்காக நான்கு குச்சிகளின் முனையில் சிவப்பு மை தடவி, பெயர் எழுதாமல் சேர்த்திருக்கிறார். சிவப்பு வந்தால் அந்தக் கேள்விக்கு ‘முடிந்தது’ டப்பாவிலிருந்து ஒரு பெயர் எடுப்பார்கள். எனவே பதில் சொல்லி முடித்தவரும் விழித்திருக்க வேண்டும். கடைசி நாளில் யார் யார் மிச்சம் என்று வகுப்புக்கே தெரிந்துபோகிறதே என்று கேட்டோம். “தெரியட்டுமே, தயாராகி வருவாங்க” என்று சிரித்தார்.

குச்சியை எடுப்பது ஆசிரியை அல்ல. அன்றைக்கு ஒரு பிள்ளை, பெஞ்சு வரிசைப்படி முறை வைத்து. எடுத்தவர் பெயரைப் படித்து, குச்சியை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆசிரியையே எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இவன் சொல்ல மாட்டான்’ என்று உள்ளே போட்டு இன்னொன்றை எடுத்தால் முறை அன்றோடு செத்தது. பிள்ளைகள் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இந்த இடத்தில் குடவோலை நினைவுக்கு வரும். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு அதைச் சொல்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். ஏமாற்று நடக்கக் கூடாது என்பதற்கு எவ்வளவு கவனம் பாருங்கள்! ஆனால் அந்தக் குடத்துக்குள் ஓலை போக, வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணச் சபை. நிலத்தில் உழுதவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. கையில் எந்தக் கள்ளமும் இல்லாமல் குடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இதை நாம் சொன்னதும் ஆசிரியை டப்பாவைக் கவிழ்த்துக் குச்சிகளை எண்ணிக் காட்டினார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு பிள்ளைகள் எண்ணி, 36 பெயரும் நான்கு சிவப்பும் இருப்பதாகக் கையெழுத்துப் போடும் சின்ன நோட்டு ஒன்று இருக்கிறது.

பெயர் நியாயமாக வந்தால் போதுமா? கேள்வி எப்போது பிறக்கிறது என்பதும் முக்கியம். பெயரை எடுத்த பிறகு கேள்வியை யோசித்தால், ‘நல்லாப் படிக்கிறவன்’ என்று தோன்றும் பிள்ளைக்குக் கடினமானதும், ‘இது போதும்’ என்று தோன்றும் பிள்ளைக்கு வாய்ப்பாடும் போகும். குறைந்த கேள்வியும் ஒரு தீண்டாமைதான். கேட்கிறவருக்கே அது தெரியாது. அதனால் கேள்வி முதலில் கரும்பலகையில் எழுதப்படும். பிறகு எல்லோரும் யோசிக்கச் சற்று நேரம். பிறகுதான் குச்சி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். இந்த வகுப்பில் ஆசிரியை மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறார்.

பதில் தெரியாத பிள்ளை ‘அப்புறம்’ என்று சொல்லலாம். அதற்குக் காரணம் கேட்கப்படாது. அடுத்த குச்சிக்காரர் பதில் சொன்னதும், ‘அப்புறம்’ சொன்னவர் எழுந்து அதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். நிற்க வைத்தே விடுவது இல்லை. திக்குவாய் உள்ள ஒரு மாணவனுக்குப் பதிலைப் பலகையில் எழுத அனுமதி உண்டு. அவன் குச்சியும் மற்றவர்களுடையதோடு டப்பாவில்தான் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொன்னவன் அவனே.

தாளின் கடைசிப் பகுதியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: “இந்த டப்பா கேள்விக்கு மட்டும்.” வகுப்பைப் பெருக்கவும் தண்ணீர் எடுத்து வரவும் தனியாக வரிசைப் பட்டியல் இருக்கிறது, அதில் எல்லாப் பெயரும் ஆண், பெண் பிரிக்காமல் வருகிறது. கழிப்பறை கழுவும் வேலை எந்தப் பட்டியலிலும் இல்லை. குலுக்கிப் போட்டுத்தான் அனுப்பினோம் என்ற சமாதானமும் அதற்குச் செல்லாது. அது பிள்ளைகள் வேலையே அல்ல. உதவித்தொகை விவரம், வீட்டு நிலைமை, அப்பா என்ன வேலை போன்ற எதையும் பெயர் எடுத்துக் கேட்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். பள்ளிகளில் சாதி மோதல் குறித்து நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசுக்கு அளித்த அறிக்கையும், உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வைத்துப் பேசக் கூடாது என்றே பரிந்துரைத்தது.

இந்தக் குச்சிகளால் ஆகாதது நிறைய இருக்கிறது. எந்தப் பெஞ்சில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதை அவை மாற்றவில்லை. ஒரு பிள்ளை பதில் சொல்லும்போது பின்னாலிருந்து வரும் சிரிப்பை எந்தக் குச்சியும் நிறுத்தாது. அங்கே ஆசிரியைதான் பாடத்தை நிறுத்த வேண்டும், நிறுத்துகிறார். புகார் சொன்ன தாய் இன்னும் முழுச் சமாதானமாகவில்லை. கை தூக்குகிற பிள்ளையை விட்டுவிட்டுத் தூக்காத பிள்ளையைக் கேட்பது என்ன நியாயம் என்கிறார். கை தூக்குகிறவர்களுக்கென்று வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த அப்பா தாளை மகளை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு வரவில்லை.

நாம் போன அன்று டப்பாக்களுக்கு வெளியே, ரப்பர் பேண்டு போட்ட இரண்டு குச்சிகள் மேசை மேல் இருந்தன. வராத பிள்ளைகளின் பெயர் எடுக்கப்பட்டால் அது ‘முடிந்தது’ டப்பாவுக்குப் போகாது; தனியாகக் கட்டிவைத்து, வந்த அன்று முதல் டப்பாவில் போட வேண்டும். இல்லாவிட்டால் அதிகம் விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் முறை, அவர்கள் இல்லாமலேயே தீர்ந்துபோகும். இரண்டில் ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவர் பெற்றோரோடு கரும்பு வெட்டப் போயிருக்கிறார். அவர் குச்சி அங்கே கிடக்க ஆரம்பித்துப் பதினோரு நாளாகிறது. ஆசிரியை அன்று மாலை அந்த வீட்டுப் பாட்டியைப் பார்க்கக் காலனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.